சூதாட்டத் தளத்தில் கிரிப்டோ கட்டினால் என்ன ஆகும்?

*"ஐயா, வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். என் தம்பி செம்பனை ஆலையில் வேலை செய்கிறான். போன மாதம் மூவாயிரம் ரிங்கிட்டுக்கு ஈத்தர் வாங்கி ஓர் ஆன்லைன் சூதாட்டத் தளத்தில் போட்டான். 'பேங்கில் பணம் மாற்றுவது மாதிரிதான், இன்னும் பாதுகாப்பு' என்றான். இப்போது கணக்கில் 0.22 ஈத்தர் காட்டுகிறது, ஆனால் எடுக்க முடியவில்லை. சரிபார்ப்புக்காக இன்னும் 0.05 அனுப்பினால் திறந்துவிடுவோம் என்கிறார்கள். அனுப்பலாமா? போட்டதைத் திரும்பப் பெற வழி உண்டா?"*

அந்த 0.05 ஈத்தரை அனுப்ப வேண்டாம் என்று இன்றே தம்பியிடம் சொல்லிவிடுங்கள். தளத்துக்கு உண்மையிலேயே ஏதாவது கட்டணம் வேண்டுமென்றால், தன்னிடமே இருக்கும் 0.22-இல் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடலாம். அதற்குத் தடையாக எதுவும் இல்லை. இருப்பதில் கழிக்காமல் வெளியிலிருந்து புதுப் பணம் கேட்பது, பழைய பணத்தைக் கொடுக்கும் எண்ணம் இல்லை என்பதற்கான மிகத் தெளிவான அடையாளம். 'சரிபார்ப்பு', 'வரி', 'கணக்கைத் தரம் உயர்த்துதல்' என்று பெயர் எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். அனுப்பிய பின் அடுத்த தொகை ஒன்றைக் கேட்பார்கள்.

இனி, வங்கிப் பரிமாற்றம் போலத்தான் இதுவும் என்று உங்கள் தம்பி சொன்னதற்கு வருகிறேன். பணம் போன வழியைப் படிப்படியாகப் பார்த்தால் வேறுபாடு புரியும். முதலில் அவர் சம்பளக் கணக்கிலிருந்து ஓர் எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் தளத்துக்கு, மூவாயிரம் ரிங்கிட்டை மாற்றியிருப்பார். இரண்டாவதாக அங்கே ஈத்தர் வாங்கியிருப்பார்; அது 0.2 என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் இருந்தவரை அந்தப் பணத்துக்கு பி.ஐ.டி.எம். காப்பு இருந்தது, வங்கி நொடித்துப் போனாலும், உறுப்பு வங்கி ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு 2,50,000 ரிங்கிட் வரை திரும்பக் கிடைக்கும். அவர் பயன்படுத்திய எக்ஸ்சேஞ்ச் மலேசியப் பங்கு பத்திர ஆணையத்தில் பதிவு பெற்றதாக இருந்தால், அங்கும் ஓரளவு கண்காணிப்பு உண்டு. 2019 ஜனவரி 15 முதல் மின்னிலக்க நாணயங்கள் நம் நாட்டில் பங்கு பத்திரச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. அவற்றை வாங்கி விற்கும் தளம் நடத்துவோர் ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். ஆனால் பி.ஐ.டி.எம். காப்பு கிரிப்டோவுக்குக் கிடையாது. பேங்க் நெகாராவும் அதைச் சட்டபூர்வப் பணமாக ஏற்கவில்லை.

மூன்றாவது படியில்தான் எல்லாம் மாறிவிடுகிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்த 0.2 ஈத்தரை, தளம் கொடுத்த முகவரிக்கு அவர் 'Send' அழுத்தி அனுப்பிய நொடியில், அதுவரை இருந்த காப்பு எல்லாம் பின்னால் நின்றுவிட்டது. எக்ஸ்சேஞ்சின் பொறுப்பு, சொன்ன முகவரிக்குச் சரியாக அனுப்பியதோடு முடிந்தது. வங்கியைப் பொறுத்தவரை, கேட்ட இடத்துக்குப் பணம் மாற்றியாகிவிட்டது. அதன் பிறகு தளத்தின் திரையில் தெரியும் 0.22 என்ற எண் உங்கள் தம்பியின் ஈத்தர் அல்ல. 'இவ்வளவு உனக்குத் தர வேண்டியிருக்கிறது' என்று அந்தத் தளம் தன் கணக்கில் எழுதி வைத்திருக்கும் ஒரு குறிப்பு மட்டுமே.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். தம்பியின் எக்ஸ்சேஞ்ச் கணக்கில் அந்த அனுப்புதலைத் திறந்தால் TXID என்று 0x-இல் தொடங்கும் ஒரு நீண்ட எழுத்துத் தொடர் இருக்கும். அதைப் படியெடுத்து etherscan.io என்ற பக்கத்தில் ஒட்டித் தேடினால், எந்த முகவரியிலிருந்து, எந்த முகவரிக்கு, எத்தனை ஈத்தர், எந்த நேரத்தில் போனது என்பதெல்லாம் வரும். Status என்ற இடத்தில் Success என்று பச்சையில் இருக்கும். பெற்ற முகவரியை அழுத்திப் பாருங்கள்: போய்ச் சேர்ந்த சிறிது நேரத்திலேயே அந்த 0.2 ஈத்தர் வேறொரு பெரிய முகவரிக்கு நகர்ந்திருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். நேர்மையான தளங்களும் பலரின் வைப்பை இப்படி ஒன்றாகச் சேர்ப்பது வழக்கம்தான். ஆகவே அது மட்டுமே மோசடிக்குச் சான்றாகாது. ஆனால் 'என் கணக்கில் என் காசு கிடக்கிறது' என்ற எண்ணம் தவறு என்பதை அந்த ஒரு பக்கம் காட்டிவிடும்.

அந்த Success என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. வங்கி அட்டையில் பணம் கட்டி, பொருள் வரவில்லையென்றால், அட்டை கொடுத்த வங்கியிடம் மறுப்புத் தெரிவித்துத் தொகையைத் திருப்பிக் கேட்க ஒரு நடைமுறை இருக்கிறது. தவறான கணக்குக்குப் பணம் மாற்றிவிட்டால்கூட, வங்கி பெற்றவரின் வங்கியைத் தொடர்புகொண்டு மீட்க முயலும். எப்போதும் கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை; ஆனால் முறையிட ஓர் ஆள் இருக்கிறார். ஈத்தர் வலையமைப்பில் உறுதியான பரிமாற்றத்தைத் திருப்பும் அதிகாரம் எந்த அலுவலகத்துக்கும் இல்லை. பெற்ற முகவரியின் தனிச்சாவி, அதாவது அதிலிருப்பதை நகர்த்த உதவும் ரகசியக் குறியீடு, யார் கையில் இருக்கிறதோ, அவர் மனம் வைத்துத் திருப்பி அனுப்பினால்தான் உண்டு. பரிமாற்றம் எவ்வளவு வெளிப்படையாகத் தெரிகிறது என்பதற்கும் அதை மீட்க முடியுமா என்பதற்கும் தொடர்பே இல்லை. பணம் எங்கே போயிற்று என்பது உலகத்துக்கே தெரியும். கை வைக்கத்தான் முடியாது.

தளம் நேர்மையானதாகவே இருந்தாலும் இந்த இடத்தில் காசு தொலைவதுண்டு. பெரும்பாலும் வலையமைப்பு மாறிப்போவதால்தான். டாலர் விலையை ஒட்டியே இருக்கும் USDT என்ற ஒரே நாணயம் டிரான் வலையமைப்பிலும் இருக்கிறது, ஈத்தர் ஓடும் ஈத்தரியத்திலும் இருக்கிறது, வேறு சிலவற்றிலும் இருக்கிறது. டிரான் முகவரி T என்ற எழுத்தில் தொடங்கும், ஈத்தரிய முகவரி 0x என்று தொடங்கும். இவை இரண்டையும் குழப்பினால், கிரிப்டோவை வைத்திருந்து அனுப்பும் செயலியான வாலட்டே பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் ஈத்தரியமும் BNB Smart Chain-உம் ஒரே வகை 0x முகவரியைப் பயன்படுத்துகின்றன. ஆகவே தளம் ஈத்தரியத்தில் மட்டுமே வாங்குகிறது என்றால், கட்டணம் குறைவு என்று மற்றதைத் தேர்ந்தெடுத்து அனுப்புபவரை வாலட் எச்சரிக்காது. பரிமாற்றமும் வெற்றி என்றே காட்டும். தளத்தின் கணக்கில் மட்டும் எதுவும் ஏறாது. மீட்டுத் தரும் திறன் தளத்துக்கு இருக்கலாம், ஆனால் தந்தாக வேண்டும் என்ற கடமை இல்லை. 'ஆதரிக்கப்படாத வலையமைப்பில் அனுப்பியவற்றுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்ற வரி வைப்புப் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் இருக்கும். குறைந்தபட்ச வைப்பைவிடக் குறைவாக அனுப்பினாலும் பல இடங்களில் இதே கதிதான்.

அடுத்தது விலை ஏற்ற இறக்கம். இதைத் தம்பியின் கணக்கை வைத்தே பார்ப்போம். அவர் வாங்கிய அன்று ஒரு ஈத்தர் 15,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். கட்டணத்தை விட்டுவிட்டால் மூவாயிரத்துக்கு 0.2 கிடைத்திருக்கும். விளையாடி அது 0.22 ஆயிற்று. பத்து விழுக்காடு வென்றுவிட்டார் என்று திரை சொல்கிறது. இதற்கிடையில் ஈத்தரின் விலை 12,000-க்கு இறங்கியிருந்தால், அந்த 0.22-இன் மதிப்பு 2,640 ரிங்கிட். ஆட்டத்தில் வென்றும் 360 ரிங்கிட் நட்டம். அதாவது அவர் ஒரே பணத்தில் இரண்டு பந்தயம் கட்டியிருக்கிறார்; ஒன்று ஆட்டத்தில், மற்றொன்று ஈத்தரின் விலையில். இரண்டாவது பந்தயம் அவர் தூங்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

விலை ஏறினால் லாபம்தானே என்று அவர் கேட்கலாம். தளம் நாணயத்தை எப்படிக் கணக்கு வைக்கிறது என்பதைப் பொறுத்தது அது. சில தளங்கள் போட்ட ஈத்தரை ஈத்தராகவே வைக்கும். சில தளங்கள் வந்த நொடியிலேயே டாலராக மாற்றிவிடும்; பிறகு ஈத்தர் ஏறினால் அந்த ஏற்றம் உங்களுக்கு இல்லை, எடுக்கும்போது குறைந்த ஈத்தரே கிடைக்கும், மாற்று விகிதமும் தளம் நிர்ணயிப்பதுதான். இதில் தம்பியின் தளம் எந்த வகை என்பதை அவர் விதிமுறைகளில் படித்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இருபது விழுக்காட்டு இறக்கம் மிகைப்படுத்தல் என்று நினைக்க வேண்டாம். 2021 நவம்பரில் 4,800 டாலரைத் தொட்ட ஈத்தர், 2022 ஜூனில் 1,000 டாலருக்குக் கீழே வந்தது. 2020 மார்ச் 12 அன்று பிட்காயின் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. நிலையான விலை உள்ள நாணயம் என்று சொல்லி USDT-யில் போடுகிறவர்களும் முழுக்கத் தப்பவில்லை, ஏனென்றால் அது டாலருக்கு நிலையானதே தவிர ரிங்கிட்டுக்கு அல்ல. 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் ஏறக்குறைய 4.80 ரிங்கிட்டாக இருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் 4.12 அளவுக்கு வந்துவிட்டது. பிப்ரவரியில் 500 டாலர் போட்டுத் தொடாமலே வைத்திருந்தவருக்கும் 2,400 ரிங்கிட் 2,060 ஆகியிருக்கும்.

விலையோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் கணிப்பில் இதுதான் இளைஞர்களை அதிகம் கெடுக்கிறது. திரையில் ஒரு சுற்றுக்கு 0.004 என்றுதான் இருக்கும். அது மேலே சொன்ன விலையில் அறுபது ரிங்கிட். ஆலையில் ஒரு நாள் வேலை செய்து வாங்கும் கூலியோடு அறுபது ரிங்கிட்டை ஒப்பிட்டுப் பார்க்கும் மனம், 0.004-ஐ ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. பதினைந்து சுற்று தோற்றாலும் 0.06 போயிற்று என்றுதான் தோன்றும்; போனது 900 ரிங்கிட். தம்பியை உட்கார வைத்து, இதுவரை அனுப்பியதை எல்லாம் அனுப்பிய அன்றைய ரிங்கிட் மதிப்பில் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எக்ஸ்சேஞ்சின் வரலாற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு தேதியும் இருக்கும்.

இனிப் பாதுகாப்பு என்ற கேள்வி. நாலு நம்பர் கடைக்காரர் அரசு உரிமம் பெற்றவர். பரிசு விழுந்தால் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டி வாங்கலாம், தகராறு என்றால் நிறுவனம் இந்த நாட்டில் இருக்கிறது. தம்பி விளையாடும் தளத்தின் கீழே குராசாவ் அல்லது அஞ்சுவான் உரிமம் என்று ஒரு முத்திரை இருக்கலாம். குராசாவ் கரிபியன் கடலில் உள்ள தீவு. அஞ்சுவான் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் கொமொரோஸ் நாட்டில் இருக்கிறது. அந்த முத்திரையை அழுத்தினால் உரிமம் வழங்கிய அமைப்பின் பக்கத்துக்குப் போய், அதே இணைய முகவரி அங்கே பதிவாகியிருக்க வேண்டும். அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது அதே தளத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்றால் அது வெறும் படம். உண்மையான உரிமமாக இருந்தாலும், பேராக்கில் இருக்கும் ஒருவர் மூவாயிரம் ரிங்கிட்டுக்காக அங்கே முறையிட்டுத் தீர்வு பெறுவது நடைமுறையில் மிகக் கடினம்.

நம் சட்டமோ இந்த விஷயத்தில் கைகொடுக்காது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, பந்தய ஒப்பந்தங்கள் செல்லாதவை என்றும், பந்தயத்தில் வென்றதாகச் சொல்லும் தொகையைக் கோரி வழக்குத் தொடுக்க முடியாது என்றும் சொல்கிறது. 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 26-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. ஆகவே தளத்தை நடத்துபவர் ஈப்போவிலேயே கடை வைத்திருந்தாலும்கூட, அந்த வெற்றித் தொகைக்கு நீதிமன்றம் போவது வீண். உரிமம் இல்லாத சூதாட்டமோ 1953-ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் குற்றமாகவே பார்க்கப்படுவது. ஆகவே புகார் கொடுக்கத் தம்பி தயங்குவார் என்பதும் தளம் நடத்துகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதில் ஒரு பொறியை மட்டும் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நேர்மையாகத் தோன்றும் தளங்களிலும் பணம் அடைபடுவது பெரும்பாலும் இங்கேதான். நம் தொடர்பு, பல்லூடக ஆணையம் இத்தகைய தளங்களை முடக்குகிறது. அதனால் விளையாடுபவர்கள் வி.பி.என். போட்டு நுழைகிறார்கள். பல தளங்களின் விதிமுறைகளில் வி.பி.என். பயன்படுத்துவதே மீறல் என்றும், குறிப்பிட்ட சில நாடுகளில் இருப்பவர்கள் விளையாடக் கூடாது என்றும் எழுதியிருக்கும். காசு போடும்போது யாரும் அடையாளம் கேட்பதில்லை. மின்னஞ்சல் ஒன்று போதும். எடுக்கும்போதுதான் மைகார்டும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். தம்பி மைகார்டைக் காட்டியதும், மலேசியாவில் இருப்பவர் என்பதை அவரே நிரூபித்தவர் ஆகிறார். அதைக் காரணம் காட்டியே கணக்கை மூடலாம். தோற்றுக்கொண்டிருந்தவரை அவர் எந்த நாட்டுக்காரர் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மைகார்டின் படமும் யாரென்று தெரியாதவர்கள் கையில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பணம் வெளியே வந்துவிட்டாலும் ஆபத்து முடிவதில்லை. பதிவு பெற்ற எக்ஸ்சேஞ்சுகளின் விதிமுறைகள் பொதுவாகச் சூதாட்டப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை; அங்கே கொண்டுவந்தால் கேள்வி வரும் என்று பயந்து, டெலிகிராமில் கிடைக்கும் யாரோ ஒருவருக்கு நாணயத்தைக் கொடுத்து ரிங்கிட்டைத் தன் சம்பளக் கணக்கில் வாங்கிக்கொள்கிறார்கள். அந்த ரிங்கிட் வேறு யாரோ ஏமாந்து இழந்த பணமாக இருந்தால், ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் காவல்துறையின் விசாரணை பணம் வந்து சேர்ந்த கணக்கைத் தேடித்தான் வரும். கணக்கு முடக்கப்படும், அடுத்த மாதச் சம்பளமும் அதில்தான் விழும். 'கழுதைக் கணக்கு' என்று நம் நாளிதழ்களில் வரும் வழக்குகளில், தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். தம்பி இதுவரை அப்படி யாரிடமாவது விற்றிருக்கிறாரா என்பதை அவசியம் கேளுங்கள்.

திரும்பப் பெற வழி உண்டா என்பதற்கு நேரான பதில்: போன 0.2 ஈத்தர் திரும்பி வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் சிலவற்றை இந்த வாரமே செய்துவிடுங்கள். கணக்கு மூடப்படுவதற்குள் இருப்பு, வைப்பு வரலாறு, அவர்களோடு நடந்த உரையாடல், குறிப்பாக 0.05 கேட்ட செய்தி, தளத்தின் முழு இணைய முகவரி ஆகியவற்றைத் திரைப்பிடிப்பாக எடுத்து, TXID-யையும் பெற்ற முகவரியையும் எழுத்தாகவே சேர்த்து வையுங்கள். எடுக்கும் கோரிக்கையை ஒரு முறை சிறிய தொகைக்கு, 0.02 போல, போட்டுப் பார்க்கலாம். அதையும் மறுத்துப் புதுப் பணம் கேட்டால் நிலைமை உறுதியாகிவிடும்.

தம்பி எக்ஸ்சேஞ்ச் வழியாக அல்லாமல், ஒரு 'ஏஜெண்டு' கொடுத்த வங்கிக் கணக்குக்கு ரிங்கிட்டாக எதையாவது அண்மையில் மாற்றியிருந்தால், தாமதிக்காமல் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தையும் அவருடைய வங்கியையும் அழையுங்கள். வங்கிகளுக்கிடையே போகும் ரிங்கிட்டை வழியில் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. ஈத்தருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அந்தத் தளம் சூதாட்டத் தளமே அல்ல, பணம் பறிக்கவே உருவாக்கிய போலி என்று தோன்றினால், அது ஏமாற்றுக் குற்றம். காவல்துறையில் புகார் கொடுக்க இடம் உண்டு. ஆனால் தம்பி விளையாடியதை ஒப்புக்கொள்ள வேண்டி வரும் என்பதால், போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுவது நல்லது. கட்டணம் கட்ட இயலாதவர்களுக்காக வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் ஈப்போவில் இருக்கிறது.

அந்தப் பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று யாராவது வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ தானாகவே வந்து முன்பணம் கேட்டால், பதில் சொல்லாமல் தடுத்துவிடுங்கள். ஒருமுறை இழந்தவர்களின் பட்டியல் கைமாறுவதால்தான் அவர்களுக்கு உங்கள் தம்பியின் எண் கிடைக்கிறது. ஈத்தரைத் திருப்பும் கருவி அவர்களிடமும் இல்லை. இந்த மூவாயிரம் கடன் வாங்கிப் போட்டதாக இருந்தால், கடன் ஆலோசனைக்கு ஏ.கே.பி.கே. அலுவலகத்தில் கட்டணம் கிடையாது. வங்கிக் கடனாக இருந்தால் தவணையை மாற்றியமைக்கவும் அவர்கள் உதவுவார்கள். TXID கிடைத்ததும் அந்தப் பக்கத்தில் தெரிவதை எனக்கு எழுதுங்கள்; பெற்ற முகவரியைப் படித்து, புகாரில் என்ன எழுதலாம் என்று சொல்கிறேன். தம்பியின் கடவுச்சொல்லையோ வாலட்டின் பன்னிரண்டு சொல் மீட்புத் தொடரையோ எனக்கும் அனுப்ப வேண்டாம், வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.